விதியில் வரும் ‘அந்தத் தரம்’ எது?

சங்கத்தின் கொள்முதல் ஒப்பந்தத்திலோ அரசாங்க ஆணையிலோ “சரக்கு இன்ன தரத்துக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும்” என்னும் ஒரு வரியை நம் அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பர். அத்தரத்தின் பெயரும் ஓர் எண்ணும் அங்கே இருக்கும். அதில் அடங்கிய விஷயம் அங்கே இராது. அது வேறொரு தஸ்தாவேஜில், வேறொரு ஸ்தாபனத்தின் கையில் இருக்கும். படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார். ஆயினும் சரக்கை ஏற்பதா தள்ளுவதா, எவ்வளவுக்குப் பணம் தருவது என்னும் தர்க்கம் எழும்போது, நாம் படியாமல் தாண்டிய அந்தத் தஸ்தாவேஜுதான் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

இவ்வாறு வெளியிலுள்ள ஒரு நூலைப் பெயர் சொல்லி விதிக்குள் கொண்டுவருவதைச் ‘சுட்டிச் சேர்த்தல்’ என்று சொல்லலாம். இதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு நூலின் வலிமையை எப்படிச் சோதிப்பது, எத்தனை மாதிரிகள் எடுப்பது, எந்த வெப்பத்தில் உலர்த்துவது என்பனவற்றை ஒவ்வொரு விதியிலும் எழுதினால் விதி புத்தகமாகிவிடும். அவற்றை அறிந்த நிபுணர்கள் ஏற்கெனவே கூடி எழுதி வைத்துள்ளனர். 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனமும், 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் இடத்துக்கு வந்த இந்தியத் தர நிர்ணயப் பணியகமும் செய்துவரும் வேலை அதுதான். அவர்கள் எழுதியதைச் சுட்டினால் போதும் என்று விதி செய்பவர் நினைப்பதில் தவறில்லை.

தொல்லை இரண்டு இடங்களில் பிறக்கிறது. சுட்டப்பட்ட நூல் பிறகு மாறினால், விதியும் கூடவே மாறுகிறதா என்பது ஒன்று. சுட்டப்பட்ட நூல் பிறருடைய உடைமையாக இருந்து, காசு கொடுத்தாலன்றிப் படிக்கக் கிடைக்காவிடில், அதற்குக் கட்டுப்பட்டவன் என்ன செய்வான் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வரிசையாகப் பார்த்து, பிறகு நூல் கொள்முதலில் இவை எப்படிக் காசாகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காண்போம்.

சுட்டிய நாளோடு நிற்பது

மாறுதல் பற்றிய கேள்வி நம் நீதிமன்றங்களுக்குப் புதியதன்று. தொழில்நுட்பத் தரங்களைப் பற்றி எழுமுன்பே, ஒரு சட்டம் மற்றொரு சட்டத்தைச் சுட்டும்போது அது எழுந்தது. இதில் 1931-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வழக்கில் ஒரு பக்கம் இந்தியா மந்திரி. மறுபக்கம் ஹிந்துஸ்தான் கூட்டுறவு இன்ஷூரன்ஸ் சொஸைட்டி.

கல்கத்தா நகர அபிவிருத்திக்கென 1911-இல் ஒரு சட்டம் செய்தபோது, நிலம் கையகப்படுத்தும் முறைகளைப் புதிதாக எழுதாமல், 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் பகுதிகளைச் சில மாறுதல்களுடன் தன்னுள் சேர்த்துக்கொண்டனர். 1921-இல் மூலச் சட்டமான நில எடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பிரிவி கவுன்சில் வரை மேல் முறையீடு செய்ய வழி திறந்தது. சொஸைட்டியின் நிலத்துக்கான நஷ்டஈடு பற்றிய வழக்கில் அரசாங்கம் அந்த வழியில் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அந்த வழி கல்கத்தாச் சட்டத்துக்கும் உண்டா என்பதே கேள்வி.

இல்லை என்பது தீர்ப்பு. கல்கத்தாச் சட்டம் 1911-இல் எதை எடுத்துச் சேர்த்துக்கொண்டதோ அது அந்தச் சட்டத்தின் சொந்த வாசகமாகிவிட்டது. அதைத் தன் ஏட்டில் பேனாவால் எழுதிக்கொண்டது போலத்தான். பிறகு மூல ஏட்டில் யாரோ திருத்தம் எழுதினால், படியெடுத்த ஏடு தானே திருந்திவிடாது. இதை நாம் ‘நிலைத்த சுட்டு’ எனலாம்.

நிலைத்த சுட்டில் நிச்சயம் உண்டு. கட்டுப்படுகிறவன் எந்த வாசகத்துக்குக் கட்டுப்படுகிறான் என்பது ஒரு தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். குறையும் உண்டு. மூல நூல் திருந்திய பின்னும் பழைய பதிப்பே விதியில் உறைந்து கிடக்கும். பத்தாண்டுகள் கழித்து அப்பதிப்பு கடையில் கிடைக்காது. சோதனைச் சாலையில் அந்த முறைக்கான கருவியும் இராது. விதி இருக்கும், அதை நிறைவேற்ற வழி இராது.

மூலத்தோடு ஓடுவது

அப்படியானால், மூல நூல் மாறும்போதெல்லாம் விதியும் தானே மாறும் என்று எழுதிவிட்டால் என்ன? இந்த ‘ஓடும் சுட்டு’ எங்கே வழுக்கும் என்பதற்குப் புதுச்சேரியில் நடந்ததைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

1965-இல் புதுச்சேரிச் சட்டமன்றம் விற்பனை வரிச் சட்டம் ஒன்றை இயற்றியது. புதிதாக ஒன்றை எழுதாமல், அண்டை ராஜ்யமான சென்னையின் 1959-ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டத்தையே புதுச்சேரிக்கும் உரியதாக்கியது. ஆனால் எந்தத் தேதியில் உள்ள சென்னைச் சட்டம்? புதுச்சேரிச் சட்டம் அமலுக்கு வருவதற்குச் சற்று முன்பு சென்னையில் எது அமலில் இருக்கிறதோ அது, என்று எழுதினர். அமலுக்கு வரும் நாளைக் குறிக்கும் பொறுப்பைப் புதுச்சேரி அரசாங்கத்திடம் விட்டனர். 1965 ஜூன் 30-இல் சட்டம் பிரசுரமாயிற்று. அரசாங்கம் குறித்த நாளோ 1966 ஏப்ரல் 1. இந்த ஒன்பது மாத இடைவெளியில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆகவே புதுச்சேரி உறுப்பினர்கள் கண்டு வாக்களித்த சட்டம் ஒன்று. புதுச்சேரி வியாபாரிகளின் தலையில் வந்து இறங்கிய சட்டம் மற்றொன்று.

புதுச்சேரி வியாபாரியான சாமா ராவ் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். 1967-இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். சென்னை எப்படித் திருத்தினாலும் ஏற்போம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டது தன் கடமையைச் சட்டமன்றம் பிறர் கையில் முற்றாக ஒப்படைத்ததாகும். ஆகையால் அச்சட்டம் பிறக்கும்போதே உயிரற்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. வழக்கு நடக்கும்போதே புதுச்சேரிச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் செய்து குறையை நீக்க முயன்றிருந்தது. உயிரில்லாமல் பிறந்ததை அது எழுப்பாது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். மற்ற இருவர் வேறு அபிப்பிராயம் கொண்டிருந்தனர்.

இத்தீர்ப்பைக் கொண்டு ஓடும் சுட்டு எல்லாமே செல்லாது என்று கருதலாகாது. 1973-இல் குவாலியர் ரேயான் கம்பெனியின் வழக்கில், மத்திய விற்பனை வரிச் சட்டம் ராஜ்யங்கள் அவ்வப்போது விதிக்கும் வரி விகிதத்தைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டதை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வரி ஏய்ப்பைத் தடுப்பது என்னும் நோக்கத்தைப் பார்லிமெண்ட் தானே வகுத்துவிட்டு, விகிதத்தை மட்டுமே வெளியிலிருந்து எடுத்துக்கொண்டது என்பது காரணம். இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எது செய்யப்பட வேண்டும் என்பதை விதி தானே சொல்லி, விவரத்தை மட்டும் வெளியே விட்டால் ஆபத்து குறைவு. விதியின் உயிரையே வெளியே விட்டால் ஆபத்து மிகுதி.

இந்த அளவுகோல் சங்கத்தின் துணைவிதிகளுக்கு நேராகப் பொருந்தும். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி துணைவிதித் திருத்தம் பதிவாளரால் பதிவு செய்யப்படும் வரையில் செல்லுபடியாவதில்லை. “அங்கத்தினர் ஒப்படைக்கும் துணி, இன்ன தரத்தின் அவ்வப்போதுள்ள பதிப்புக்கு உட்பட்டிருக்க வேண்டும், தவறினால் கூலியில் பிடித்தம் உண்டு” என்று ஒரு துணைவிதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தரம் எங்கோ ஒரு குழுவில் மாறும் நாளில், பேரவை கூடாமலும் பதிவாளர் பாராமலும் அங்கத்தினரின் கடமை மாறிவிடுகிறது. கூலி பிடிக்கப்பட்ட நெசவாளி “இந்தத் திருத்தம் எப்போது பதிவாயிற்று?” என்று கேட்டால், சங்கத்துக்கு விடை சொல்வது கடினம்.

தரக் கட்டுப்பாட்டு ஆணைகள்

மத்திய அரசாங்கம் பிறப்பிக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் பெரும்பாலும் ஓடும் சுட்டையே கையாள்கின்றன. 2016-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயப் பணியகச் சட்டத்தின் கீழ் வரும் இந்த ஆணைகளின் அட்டவணையில் ஒரு பக்கம் சரக்கின் பெயரும், மறுபக்கம் இந்தியத் தரத்தின் எண்ணும் இருக்கும். அட்டவணையின் கீழே, அத்தரத்தின் மிகப் புதிய பதிப்பும் அதன் திருத்தங்களும் பணியகம் அறிவித்த நாள் முதல் பொருந்தும் என்னும் கருத்தில் ஒரு குறிப்பு காணப்படும். அச்சிறு குறிப்பு அட்டவணை முழுவதையும் நகரும்படி செய்துவிடுகிறது.

ஈரோடு, பள்ளிபாளையம் பக்கத்து ரேயான் நெசவாளர்கள் இதை அனுபவித்து அறிவர். விஸ்கோஸ் பஞ்சுக்கு ஐ.எஸ். 17266 என்னும் தரத்தைக் கட்டாயமாக்கி 2022-இல் ஆணை பிறந்தது. 2023 மார்ச்சு இறுதியில் அமலுக்கு வந்தது. தரம் கட்டாயமானால் பஞ்சு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் செய்யும் ஆலை, அயல்நாட்டில் இருப்பினும், பணியகத்தின் லைசென்சு பெற்று முத்திரையிட வேண்டும். லைசென்சு இல்லாத ஆலையின் பஞ்சு, குணத்தில் குறையற்றதாயினும், துறைமுகத்தைத் தாண்டாது. 2025 நவம்பரில் அந்த ஆணை ரத்தாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆணை ரத்தானதால் ஐ.எஸ். 17266 ரத்தாகவில்லை. தரம் வேறு, அதைச் சுட்டிக் கட்டாயமாக்கிய ஆணை வேறு. ஆணை போன பிறகும் ஒரு வியாபாரி தன் ஒப்பந்தத்தில் அத்தரத்தைச் சுட்டினால், அது ஒப்பந்த பலத்தால் கட்டுப்படுத்தும். “அதைத்தான் எடுத்துவிட்டார்களே” என்று சொல்லித் தப்ப முடியாது.

எண் நிற்க, அளவு நகர்தல்

மாறுதல் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் மற்றொரு வழியும் உண்டு. கடலை எண்ணெய் ஆட்டிப் பிளாஸ்டிக் புட்டியில் விற்கும் உழவர் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதி ஒழுங்குமுறைகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் கசியும் பொருள்களின் மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இந்த எண் விதியிலேயே அச்சாகி இருக்கிறது; யாரும் படிக்கலாம். ஆனால் அதை எப்படி அளப்பது? ஐ.எஸ். 9845-இன்படி என்று விதி சுட்டுகிறது.

எண்ணெயையே புட்டியில் ஊற்றி அதில் கசிந்ததைப் பிரித்தெடுப்பது எளிதன்று. ஆகவே எண்ணெய்க்குப் பதிலியாக ஹெப்டேன் என்னும் திரவத்தைப் பயன்படுத்தி, குறித்த வெப்பத்தில் குறித்த நேரம் வைத்து, பிறகு திரவத்தை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பது அத்தரத்தின் முறை. பதிலித் திரவமோ, வெப்பமோ, நேரமோ மாற்றப்பட்டால் அதே புட்டி வேறு எண்ணைக் காட்டும். 60 என்னும் வரம்பு விதியில் அப்படியே இருக்கும். நேற்றுத் தேறிய புட்டி இன்று தேறாமற் போகலாம். வரம்பைப் பார்த்து மட்டும் திருப்தியடைபவர் பாதியைத்தான் பார்க்கிறார். ஆகவே புட்டி விற்பவரிடம் சோதனைச் சான்று வாங்கும்போது, கசிவின் எண்ணோடு, எந்த ஆண்டுப் பதிப்பின் முறையில் சோதித்தது, எந்தத் திரவத்தில் சோதித்தது என்பவை அதில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீரில் மட்டும் சோதித்த சான்று எண்ணெய்ச் சங்கத்துக்கு உதவாது.

விதி யாருடைய சொத்து?

இனி இரண்டாவது தொல்லை. அரசாங்க கெஜட்டில் வரும் சட்டத்தை யாரும் படியெடுக்கலாம். ஆனால் சட்டம் சுட்டும் தரத்தை? 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பணியகத்தின் அனுமதியின்றி இந்தியத் தரங்களை வெளியிடலாகாது என்கிறது. சொந்த உபயோகத்துக்குப் படியெடுக்க மட்டும் இடம் தருகிறது. வெகு காலம் அவை விலைக்கே கிடைத்தன. கட்டடங்களின் பாதுகாப்பைச் சொல்லும் தேசியக் கட்டட நெறி நூலின் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு 13,760 ரூபாய்க்கு விற்றது. பண்டகசாலை கட்ட விரும்பும் ஒரு சிறு சங்கம், தான் கீழ்ப்படிய வேண்டிய நூலைப் படிப்பதற்கே இத்தொகையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கார்ல் மாலமுத் என்னும் அமெரிக்கர் 2013-இல் பல்லாயிரம் இந்தியத் தரங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றினார். பணியகம் ஆட்சேபித்தது. மக்களைக் கட்டுப்படுத்தும் நூலை மக்கள் தடையின்றிப் படிக்க முடிய வேண்டும் என்று அவரும் இந்தியர் இருவரும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பிற்காலத்தில் பணியகமே தான் வகுத்த தரங்களைத் தன் இணையத் தளத்தில் பதிவு செய்துகொள்வோர்க்கு இலவசமாகத் தரத் தொடங்கியது. சங்கச் செயலாளர்கள் இவ்வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஐ.எஸ்.ஓ. போன்ற சர்வதேச ஸ்தாபனங்களின் வாசகத்தை அப்படியே ஏற்று இந்திய எண் இட்ட தரங்கள் இவ்வசதியில் அடங்குவதில்லை. அவ்வாசகத்தின் உரிமை அந்த ஸ்தாபனங்களுடையது.

முற்றிலும் தனியார் எழுதிய நூல் சட்டமாகும்போது இத்தொல்லை முற்றுகிறது. அமெரிக்காவின் டெக்ஸஸ் ராஜ்யத்தில் ஆன்னா, சவாய் என்று இரு சிற்றூர்கள். ஒரு தனியார் சங்கம் எழுதிய கட்டட நெறியை அவை சுட்டித் தம் சட்டமாக்கின. பீட்டர் வீக் என்பவர் அந்நூலை 72 டாலர் கொடுத்து வாங்கி, அவ்வூர்களின் சட்டம் என்று பெயரிட்டு இணையத்தில் வெளியிட்டார். எழுதிய சங்கம் பதிப்புரிமை கோரி வழக்காடியது. தொடக்கத்தில் அதுவே வென்றது. 2002-இல் ஐந்தாம் வட்ட மேல் முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, சட்டமாகிவிட்ட வாசகம் அச்சட்டத்தின் அளவில் பொதுச் சொத்து என்று வீக் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் 2024 மார்ச்சு 5-இல் ஐரோப்பிய நீதிமன்றம், பெரும்பாலும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் பற்றிய நான்கு தரங்களை ஐரோப்பியச் சட்டத்தின் பகுதியாகவே கொண்டு, அவற்றைப் பார்வைக்குத் தருவதில் மேலான பொது நலன் உண்டு என்று கூறியது.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். தரம் எழுதுவதற்குச் செலவு உண்டு. பல ஸ்தாபனங்கள் நூல் விற்ற பணத்தில்தான் அடுத்த நூலை எழுதுகின்றன. எல்லாம் இலவசமானால் எழுதும் செலவை யார் ஏற்பது என்னும் கேள்விக்கு, அரசாங்கம் ஏற்கலாம் என்பது ஒரு விடை; தொழில் நடத்துவோர் ஏற்கலாம் என்பது இன்னொரு விடை. ஆனால் செலவை ஏற்போர் யாராயினும், கட்டுப்படுவோன் படிக்க முடியாத விதி விதியாகாது என்பதில் இத்தீர்ப்புகள் ஒன்றுபடுகின்றன.

நம் நாட்டிலேயே இதற்கு மாற்று வழி ஒன்று நெடுங்காலமாக உள்ளது. விளைபொருள்களுக்கு அக்மார்க் முத்திரையிட வழி செய்யும் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு பொருளின் தர வகைகளும் விதிகளின் அட்டவணையிலேயே அச்சிடப்படுகின்றன. மிளகாயில் எவ்வளவு ஈரம், எவ்வளவு கலப்பு இருக்கலாம் என்பதை அறிய உழவர் வேறு நூல் தேட வேண்டுவதில்லை. அட்டவணையை மாற்ற வேண்டுமானால் கெஜட்டில் திருத்தம் வர வேண்டும். வேகம் குறைவுதான், ஆனால் ஒளிவு இல்லை.

ஆயிரம் கிலோ நூலில் ஒரு கணக்கு

இத்தனையும் நெசவாளர் சங்கத்தின் கணக்கேட்டில் எப்படி வந்து சேருகின்றன என்பதைப் பார்ப்போம். வேலப்பன்சாவடிச் சாலையில் லாரியில் வந்து இறங்கும் நூலை ஒரு சங்கம் எடை போட்டு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உண்ணும். ஐப்பசி மழையில் எடை கூடும். சித்திரை வெயிலில் குறையும். தராசு காட்டும் எடைக்கே பணம் கொடுத்தால், மழைக்காலத்தில் சங்கம் தண்ணீருக்கு நூல் விலை கொடுக்கிறது. ஆகவே நூல் வியாபாரத்தில் ஒரு முறை ஏற்பட்டுள்ளது. மாதிரியை எடுத்து, எடை இனிக் குறையாது என்னும் வரை அடுப்பில் உலர்த்தி, உலர்ந்த எடையைக் காண்பர். அதனுடன், ஒப்புக்கொண்ட சதவீத ஈரத்தைக் கணக்கில் சேர்த்து, பணம் கொடுக்க வேண்டிய எடையை நிர்ணயிப்பர்.

ஒப்பந்தத்தில் “எடை, தரத்தின்படி நிர்ணயிக்கப்படும்” என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தத் தரம் என்று இல்லை. தராசில் நூல் 1,000 கிலோ. மாதிரியை உலர்த்தியதில் முழுச் சரக்கின் உலர் எடை 930 கிலோ என்று தெரிகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பருத்தி நூலுக்குச் சேர்க்கும் ஈரம் உலர் எடையில் 8.5 சதவீதம். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்னும் தனியார் ஸ்தாபனத்தின் அட்டவணையிலோ சாயமேற்றாத பருத்தி நூலுக்கு 7 சதவீதம்.

ஆலைக்காரர் 8.5-ஐக் கொண்டு கணக்கிடுகிறார்: 930 கிலோவுடன் 79.05 கிலோ சேர்ந்து 1,009.05 கிலோ. தராசில் ஏறியதைவிட 9 கிலோ கூடுதலாகப் பணம் கேட்கிறார். சங்கத்தின் ஏற்றுமதி வாடிக்கையாளர் தந்த அமெரிக்க அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் செயலாளர் 7-ஐக் கொண்டு கணக்கிடுகிறார்: 930 கிலோவுடன் 65.1 சேர்ந்து 995.1 கிலோ. தராசு எடையிலும் 5 கிலோ குறைத்தே தருவேன் என்கிறார். வித்தியாசம் 13.95 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று கொண்டால் 4,185 ரூபாய். இது ஒரு லாரியில் வந்த ஒரே ஒரு டன்னுக்கு. மாதந்தோறும் வாங்கும் சங்கத்துக்கு ஆண்டில் எவ்வளவு என்பதை அங்கத்தினரே பெருக்கிப் பார்க்கலாம்.

இங்கே ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் தவறாக நிறுக்கவுமில்லை. இருவரும் ‘தரத்தின்படி’தான் நடந்தனர். இரண்டு தரங்கள் இருந்தன. ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. பெயர் இருந்து ஆண்டு இல்லாவிட்டாலும், இரு பதிப்புகளுக்கிடையே எண் மாறிய அன்று இதே தகராறு பிறக்கும்.

ஷரத்தை எழுதும் முறை

மேலே கண்டவற்றைக் கொண்டு ஷரத்து எழுதினால் தகராறின் பெரும் பகுதி மறைந்துவிடும். முதலாவதாக, பணத்தைத் தீர்மானிக்கும் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அளக்கும் முறைக்கு மட்டும் வெளி நூலைச் சுட்டலாம். இரண்டாவதாக, சுட்டும்போது தரத்தின் எண்ணோடு பதிப்பாண்டையும், இதுவரை வந்த திருத்தத்தின் எண்ணையும் எழுத வேண்டும். மூன்றாவதாக, அத்தரம் மாறினால் என்ன ஆகும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான்காவதாக, சுட்டிய நூலின் ஒரு பிரதி சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். அங்கத்தினர் கேட்டால் பார்வைக்குத் தர வேண்டும். பிரதி பெற முடியாத நூலைச் சுட்டவே கூடாது.

நூல் கொள்முதலுக்கு அது இப்படி அமையும்: “பணம் கொடுக்கப்படும் எடை, சரக்கின் உலர் எடையுடன் அதன் நூற்றுக்கு 8.5 பங்கு சேர்த்த எடையாகும். உலர் எடையை இன்ன எண்ணுள்ள இந்தியத் தரத்தின் இன்ன ஆண்டுப் பதிப்பின் முறையில் காண வேண்டும். அத்தரம் பின்னர் திருத்தப்பட்டால், இரு தரப்பாரும் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் வரையில் இந்த ஒப்பந்தத்துக்குப் பழைய பதிப்பே பொருந்தும்.” மூன்றே வாக்கியங்கள். செயலாளர் ஆர்டர் போடுமுன் வெற்றிடத்தில் எண்ணையும் ஆண்டையும் நிரப்பினால் போதும்.

துணைவிதிகளில் தரத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். அங்கத்தினரின் கடமையும் அதைத் தவறியதன் பலனும் துணைவிதியில் நிற்கட்டும். தரத்தின் எண்ணும் பதிப்பும் நிர்வாகக் குழுவின் தேதியிட்ட தீர்மானமாக இருந்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, குறித்த நாள் முதல் மட்டுமே பொருந்தும்படி செய்யலாம். அப்போது எந்த நாளில் நெய்த துணிக்கு எந்த அளவுகோல் என்பதில் ஐயம் வராது. அரசாங்க ஆணையில் ஓடும் சுட்டு இருந்தால் அதை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அத்தரத்தின் பதிப்பு மாறியதா என்று பணியகத்தின் தளத்தில் பார்த்து, பார்த்த தேதியை ஏட்டில் குறித்து வைப்பது செயலாளரின் வேலையாக இருக்கட்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது, சங்கத்தின் நடப்பு ஒப்பந்தங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ‘தரத்தின்படி’ என்னும் சொல் வரும் ஒவ்வோரிடத்திலும் எந்தத் தரம், எந்த ஆண்டு, பிரதி எங்கே என்று மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதிப் பார்க்கலாம். விடை எழுத முடியாத இடங்களே முதலில் திருத்த வேண்டிய இடங்கள்.